ஒற்றைப்படை அடித்தாச்சு, இரட்டைப்படை மாறிப்போச்சு: ஒரு பக்க பிரிண்டரில் இரு பக்கமும் அடிக்கும்போது வரும் கோளாறுகள்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். பரீட்சை அறிவிப்பு வந்த வாரத்தில் கையில் பென்டிரைவோடு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, "அண்ணாச்சி, பேக் டு பேக் போட்டுத் தாங்க" என்றுதான். பெரிய ஜெராக்ஸ் மெஷின் அதைத் தானே செய்துவிடும். வீட்டிலோ சின்னக் கடையிலோ இருக்கும் பிரிண்டர் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் அடிக்கும். அதில் முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்து, அந்தக் கட்டை எடுத்துத் திரும்ப டிரேயில் வைத்து, பின்பக்கங்களில் 2, 4, 6 என்று அடிக்க வேண்டும்.

இந்த வேலையில் தப்பு நடப்பது பெரும்பாலும் நடுவில், கட்டை எடுத்துத் திரும்ப வைக்கும் அந்த அரை நிமிடத்தில்தான். கோளாறு வந்துவிட்டால் அடித்த தாள்களைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். முன்பக்க எண்ணையும் பின்பக்க எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் எங்கே பிசகியது என்று அந்தத் தாள்களே காட்டிக்கொடுத்துவிடும். கீழே எல்லாவற்றையும் 47 பக்க நோட்ஸ் ஒன்றை வைத்தே சொல்கிறேன். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கொண்டுவருவது ஏறக்குறைய அந்த அளவுதான். 47 என்றால் ஒற்றைப்படைப் பக்கங்கள் 24, இரட்டைப்படைப் பக்கங்கள் 23. இந்த இரண்டு எண்ணையும் அடிக்கும் முன்பே ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு தாள்

உங்கள் பிரிண்டர் எந்தப் பக்கம் அடிக்கும், தாளின் தலை எந்தப் பக்கம் போகும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். இணையத்தில் ஒருவர் "திருப்பி வை" என்பார், இன்னொருவர் "திருப்பாதே" என்பார். அவரவர் மெஷினுக்கு இரண்டும் சரிதான்.

ஒரு வெற்றுத் தாளை டிரேயில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில், பிரிண்டருக்குள் முதலில் நுழையப்போகும் ஓரத்தில், பென்சிலால் ஒரு அம்பு போடுங்கள். அம்பின் முனை பிரிண்டரைப் பார்க்க வேண்டும். எழுத்துள்ள ஏதாவது ஒரு பக்கத்தை அதில் அடியுங்கள். வெளியே வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எழுத்து அம்பு இருக்கும் பக்கத்தில் விழுந்திருக்கிறதா, மறுபக்கத்திலா? அம்பின் முனை இருக்கும் ஓரம் பக்கத்தின் தலையா, அடியா? தாள் எழுத்து கீழே பார்க்கக் கவிழ்ந்து விழுந்ததா, மேலே பார்க்க மல்லாந்து வந்ததா?

முன்பக்கம் தாளை வைத்து மேலே வெளிவரும் சின்ன லேசர் பிரிண்டர்களில் பெரும்பாலும் அம்பு இருந்த பக்கத்திலேயே எழுத்து விழும், அம்பு முனையில் தலை இருக்கும், தாள் கவிழ்ந்து விழும். பின்னால் செங்குத்தாகத் தாளைச் செருகும் இங்க் பிரிண்டர்களில் எழுத்து அம்பு பக்கம்தான் விழும், ஆனால் தாள் மல்லாந்து வரும். இந்த ஒரு வித்தியாசம் பின்பக்க வரிசையையே மாற்றிவிடுகிறது. பார்த்த விடையைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி பிரிண்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த மாதம் நினைவிருக்காது.

கட்டை எப்படி வைப்பது

கவிழ்ந்து விழும் லேசரில் 1ஆம் பக்கம் முதலில் விழுந்து அடியில் கிடக்கும். கடைசி ஒற்றைப்படைப் பக்கம் மேலே இருக்கும். எழுத்தெல்லாம் கீழே, வெள்ளைப் பக்கமெல்லாம் மேலே. பக்கங்களின் தலை உங்களைப் பார்த்து இருக்கும். அம்புச் சோதனையில் மேல் பக்கத்தில்தான் எழுத்து விழும் என்று தெரிந்தால் கட்டைப் புரட்ட வேண்டியதே இல்லை. மேசையில் கிடக்கும் தட்டைச் சுற்றுவது போல அப்படியே அரைச் சுற்று சுற்றி, தலை பிரிண்டரைப் பார்க்கும்படி டிரேயில் வையுங்கள். பின்பக்கங்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு, அதாவது தலைகீழ் வரிசையில் அடிக்க வேண்டும். அடித்து முடிந்ததும் கட்டு 1ஆம் பக்கம் மேலே இருக்க, அடுக்கு மாறாமல் வந்து நிற்கும். தாளை அடுக்கும் வேலை மிச்சம்.

மல்லாந்து வரும் இங்க் பிரிண்டரில் 1 அடியில் கிடக்கும், எழுத்து மேலே பார்க்கும், தலை உங்கள் பக்கம். இதில் கட்டை நீள ஓரத்தில் பிடித்து முழுதாகப் புரட்டுங்கள். இப்போது 1ஆம் பக்கத்தின் தாள் மேலே வந்துவிடும், வெள்ளைப் பக்கம் உங்களைப் பார்க்கும். தலை கீழே போகும்படி பின்பக்க டிரேயில் செருகி, 2, 4, 6 என்று நேர் வரிசையிலேயே அடியுங்கள். முடிந்ததும் கட்டை ஒரு தடவை புரட்டினால் 1 மேலே வந்துவிடும்.

எந்த மெஷினாக இருந்தாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரட்டைப்படை பிரிண்ட்டை அனுப்பும் முன், டிரேயில் முதலில் இழுபடப்போகும் தாளை லேசாகத் தூக்கி அதன் மறுபக்க எண்ணைப் பாருங்கள். அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்தான் முதலில் அடிக்கப்பட வேண்டிய பக்கம். அடியில் 45 என்றால் முதலில் 46 வர வேண்டும். அடியில் 1 என்றால் முதலில் 2. இது பொருந்தாவிட்டால் கை பட்டனுக்குப் போகக் கூடாது.

கோளாறு: பின்பக்கம் தலைகீழாக இருக்கிறது

எண்களெல்லாம் சரி, 1க்குப் பின்னால் 2 தான் இருக்கிறது, ஆனால் தாளைத் திருப்பினால் எழுத்து தலைகீழ். கட்டு அரைச் சுற்று சுற்றாமல் வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது சுற்றக் கூடாத மெஷினில் சுற்றப்பட்டிருக்கிறது. அடித்துவிட்டதைச் சரிசெய்ய வழியில்லை. ஆனால் தாளை மேல்புறமாகத் தூக்கிப் படித்தால் சரியாகத்தான் இருக்கும். காலண்டர் மாதிரி மேலே ஸ்பைரல் போட்டுப் படித்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அம்புச் சோதனை எல்லாம் சரியாக இருந்தும் இது வருகிறதா? அப்படியானால் பிரிண்டர் டிரைவரில் `Print on both sides (manually)` போன்ற ஒரு தேர்வு ஏற்கெனவே டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சில டிரைவர்கள் அந்தத் தேர்வு இருக்கும்போது பின்பக்கத்தைத் தாமே திருப்பி அடிக்கும். நீங்களும் கட்டைத் திருப்புகிறீர்கள், அதுவும் எழுத்தைத் திருப்புகிறது. டிரைவரின் வழியில் போனால் அது திரையில் சொல்லும்படி மட்டும் வையுங்கள். ஒற்றை, இரட்டை என்று நீங்களே பிரித்து அடித்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக வேண்டாம்.

குறுக்குவாட்டில் அடிக்கும் பக்கங்களுக்குக் கணக்கு வேறு. பக்கவாட்டில் புரட்டும்படி வேண்டுமா, மேல்புறமாகத் தூக்கும்படி வேண்டுமா என்பதைப் பொறுத்து சுற்றலும் மாறும். அதற்குத் தனியாக இரண்டு பக்கம் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கோளாறு: பின்பக்கம் முழுக்கத் தாறுமாறு

ஒரு தாளில் முன்னால் 45, பின்னால் 2. அடுத்ததில் முன்னால் 43, பின்னால் 4. பார்த்தால் தாறுமாறாகத் தெரியும், ஆனால் கூட்டிப் பாருங்கள்: 45+2=47, 43+4=47. எந்தத் தாளை எடுத்தாலும் முன்னும் பின்னும் சேர்ந்து ஒரே விடை வந்தால், பின்பக்கங்கள் வரிசை மாறி அடித்திருக்கின்றன. கடைசித் தாள் மேலே இருக்க, நேர் வரிசையில் 2 இலிருந்து தொடங்கியதுதான் காரணம். திசை சரி, தாள் எண்ணிக்கை சரி, தலைகீழ் வரிசை என்ற ஒரே ஒரு டிக் விட்டுப்போயிருக்கிறது.

அடோபி ரீடரில் பிரிண்ட் பெட்டியில் `More Options` என்பதைத் திறந்தால் `Odd or Even Pages` என்று இருக்கும். அதில் `Even pages only` எடுத்து, பக்கத்திலேயே இருக்கும் `Reverse pages` என்பதை டிக் செய்யுங்கள். வேர்டில் `Only Print Even Pages` என்பது பிரிண்ட் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தலைகீழ் வரிசை வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது: `File`, `Options`, `Advanced` என்று போய், `Print` பகுதியில் `Print pages in reverse order`. வேலை முடிந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். வேர்ட் அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் வேறொருவருடைய விண்ணப்பத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து அடிக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வரி:

```
lp -o page-set=odd notes.pdf
lp -o page-set=even -o outputorder=reverse notes.pdf
```

டிக் போட்டும் வரிசை மாறவில்லை என்றால் பிரிண்டர் டிரைவரின் அமைப்புகளுக்குள்ளும் போய்ப் பாருங்கள். சில டிரைவர்களில், குறிப்பாக இங்க் பிரிண்டர்களில், தலைகீழ் வரிசை என்று தனியாக ஒரு தேர்வு உண்டு. மென்பொருளில் ஒன்று, டிரைவரில் ஒன்று என்று இரண்டு தலைகீழ் சேர்ந்தால் நேர் வரிசை ஆகிவிடும்.

குரோமில் ஒற்றை, இரட்டை பிரிக்கலாம், தலைகீழ் வரிசை கிடையாது. அதில்தான் அடித்தாக வேண்டும் என்றால் கையால் அடுக்கை மாற்றுங்கள். மேலே இருக்கும் தாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, புரட்டாமல், வெள்ளைப் பக்கம் மேலே இருக்கவே மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கடைசியில் 1ஆம் பக்கத்தின் தாள் மேலே வந்திருக்கும். இனி நேர் வரிசையிலேயே அடிக்கலாம். லேசராக இருந்தால் முடிந்த கட்டு 1 அடியில் இருக்கும்படி வரும், அதையும் இதேபோல் எண்ணி அடுக்கிக்கொள்ள வேண்டும். இருபது இருபத்தைந்து தாளுக்கு இது பெரிய பாடில்லை. நூறு தாள் என்றால் ரீடரை இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

கோளாறு: எல்லாத் தாளிலும் பின்பக்கம் ஒன்று குறைவு

முன்னால் 47, பின்னால் 46. முன்னால் 45, பின்னால் 44. கடைசியில் 1ஆம் பக்கம் பின்னால் ஒன்றுமில்லாமல் டிரேயில் தனியாகக் கிடக்கிறது.

மொத்தப் பக்கம் ஒற்றைப்படையாக இருக்கும்போது லேசரில் நடப்பது இது. 47ஆம் பக்கத்துக்குப் பின்னால் வர வேண்டிய பக்கமே கிடையாது. ஆனால் கட்டில் மேலே இருப்பது அந்தத் தாள்தான். பிரிண்டருக்கு அது தெரியாது, முதலில் வரும் 46ஐ அதன் முதுகில் அடித்துவிடும். அங்கிருந்து எல்லாம் ஒரு தாள் தள்ளிப்போகும்.

இரண்டாம் சுற்றுக்கு முன் 47ஐ மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மீதி 23 தாளை டிரேயில் வைக்க வேண்டும், முடிந்ததும் அடியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலை சுற்றுவதாகத் தோன்றினால் ஃபைலின் கடைசியிலேயே ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்து 48 ஆக்கிவிடுங்கள். பிறகு எந்தத் தாளையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை. மல்லாந்து வரும் இங்க் பிரிண்டரில் 47 கடைசியாகத்தான் இழுபடும் என்பதால் அது டிரேயில் தானே மிஞ்சி நிற்கும், வரிசை கெடாது.

பல பிரதிகள் அடிக்கும்போது இதே கோளாறு பல மடங்காகும். ஊர்க் கோயில் கொடை முடிந்து வரவு செலவுக் கணக்கு 19 பக்கம், பத்துப் பிரதி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படைப் பக்கங்களைப் பத்துப் பிரதியாக அனுப்பினால், வாலில்லாத 19ஆம் பக்கம் ஒவ்வொரு பிரதியின் முடிவிலும் ஒன்று என்று கட்டு முழுக்கப் பத்து இடத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் முதல் பிரதி தப்பிக்கும், அடுத்ததிலிருந்து வரிக்காரர் பெயரும் தொகையும் எங்கெங்கோ போய்விடும். இந்த மாதிரி வேலைக்கு 20 பக்கமாக்காமல் தொடங்கவே வேண்டாம். ஒரு பிரதியை நல்லபடியாக அடித்து, மீதி ஒன்பதை ஜெராக்ஸ் மெஷினில் போடுவது அதைவிடச் சுலபம் என்பது என் கருத்து. கொடைக் கணக்கில் பக்கம் மாறினால் வரும் பேச்சு பேப்பர் செலவோடு போகாது.

கோளாறு: பாதிவரை சரி, அதன்பின் எல்லாம் பிசகு

மேலே சொன்ன கோளாறுகளெல்லாம் முதல் தாளிலேயே தெரிந்துவிடும். இது அப்படியில்லை. 46, 44, 42 என்று அழகாக வந்துகொண்டிருக்கும், நீங்களும் நம்பி டீக்குப் போய்விடுவீர்கள். திரும்பி வந்தால் பாதிக் கட்டு வீண். காரணம் அநேகமாக இரண்டு தாள் சேர்ந்து இழுபட்டது, அல்லது ஜாம்.

முதலில் இரண்டு தாள் சேர்ந்து போன கதை. இரண்டாம் சுற்றில் 31ம் 29ம் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போயின என்று வையுங்கள். 32 சரியாக 31இன் முதுகில் விழும். 29 எழுத்து எதுவும் விழாமல் சும்மா கடந்துபோகும். அடுத்து வரும் 30, 27இன் முதுகில் விழும். அங்கிருந்து கடைசிவரை பின்பக்க எண் முன்பக்கத்தைவிட மூன்று அதிகமாக இருக்கும். முடிவில் இன்னும் 2ஆம் பக்கம் அடிக்க வேண்டியிருக்க, பிரிண்டர் தாள் கேட்டு விளக்கை மினுக்கும்.

ஒட்டியது முதல் சுற்றிலேயே என்றால் கதை மாறும். 29க்கும் 31க்கும் நடுவில் இரண்டு பக்கமும் வெற்றாக ஒரு தாள் கட்டுக்குள் ஒளிந்திருக்கும். இரண்டாம் சுற்றில் 32 சரியாக விழும், 30 அந்த வெற்றுத் தாளில் விழும், 28 போய் 29இன் முதுகில் விழும். இங்கே பின்பக்கம் ஒன்று குறைவு, முடிவில் 1ஆம் பக்கத்தின் தாள் டிரேயில் மிஞ்சும்.

ஆகவே, பிரிண்டர் முடிவில் தாள் கேட்டால் இரண்டாம் சுற்றில் ஒட்டியிருக்கிறது. தாள் மிஞ்சினால் முதல் சுற்றில் ஒட்டியிருக்கிறது, அல்லது கடைசி ஒற்றைப்படைத் தாளை எடுக்க மறந்திருக்கிறீர்கள். முன்னதைத் தடுக்கக் காவல் இருக்க வேண்டும், பின்னதைத் தடுக்க எண்ணிப் பார்த்தால் போதும். முதல் சுற்று முடிந்ததும் கட்டை எண்ணுங்கள். 24 வர வேண்டிய இடத்தில் 25 வந்தால் வெற்றுத் தாள் உள்ளே இருக்கிறது. ஓரத்தை விரலால் சரசரவென்று விட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஏன் ஒட்டுகிறது? லேசருக்குள் சூடுபட்டு வந்த தாளில் ஈரம் குறைந்து லேசாகச் சுருண்டிருக்கும், மின்னேற்றத்தால் ஒன்றோடொன்று பற்றியும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது கட்டு பிரித்துப் போட்ட தாள் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை ஆனி மாதத்திலேயே தொடங்கிவிடும். முதல் சுற்று முடிந்த சூட்டோடு திரும்பப் போடாமல் கட்டைப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். நான்கு ஓரத்தையும் விசிறிவிட்டு, சுருண்ட பக்கத்துக்கு எதிராக லேசாக வளைத்து, மேசையில் தட்டிச் சமப்படுத்தி வையுங்கள். மீதமுள்ள ரீமை உறையோடு நன்றாகச் சுற்றி மூடி வையுங்கள். இவ்வளவு செய்தும் புதுத் தாளே இரண்டிரண்டாகப் போனால் தாளை இழுக்கும் ரப்பர் உருளையோ அதன் கீழேயுள்ள பிரிப்பானோ தேய்ந்திருக்கும். அதை மாற்றாமல் இரு பக்கம் அடிக்கும் வேலைக்கே போகாதீர்கள்.

இனி ஜாம். முதல் சுற்றில் ஜாம் ஆனால் பெரிதாகக் கவலையில்லை. கசங்கிய தாளை எடுத்ததும் பல லேசர் பிரிண்டர்கள் அந்தப் பக்கத்தை மறுபடி தாமே அடித்துவிடும். எண்கள் விடுபடாமலும் இரட்டிக்காமலும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அதே உதவி இரண்டாம் சுற்றில் வினையாகிவிடும். அது மறுபடி அடிக்கும்போது கையில் கிடைப்பது அடுத்த தாள்.

நம் 47 பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 47 தனியாக எடுத்து வைத்தாச்சு, 46இலிருந்து இறங்கி வருகிறது. 28 அடிக்கும்போது ஜாம். கசங்கியது 27இன் தாள். கதவைத் திறந்து தாளை எடுத்து மூடினால் பிரிண்டர் 28ஐ மறுபடி அடிக்கும், ஆனால் இப்போது மேலே இருப்பது 25இன் தாள். அதன் முதுகில் 28, 23இன் முதுகில் 26 என்று போகும்.

அதனால் இரண்டாம் சுற்றில் ஜாம் ஆனதும் கதவைத் திறப்பதற்கு முன்பே கணினியில் பிரிண்ட் வரிசையைத் திறந்து அந்த வேலையை ரத்து செய்யுங்கள். பிரிண்டரை அணைத்துவிட்டுக் கசங்கிய தாளை எடுங்கள். அணைத்தால் அதன் நினைவில் நிற்கும் பக்கமும் போய்விடும். இப்போது வெளியே வந்தவற்றை எண்ணுங்கள்: 46 முதல் 30 வரை 9 தாள். டிரேயில் 25 முதல் 1 வரை 13 தாள் இருக்க வேண்டும். மேல் தாளின் அடியில் 25 இருக்கிறதா என்று பார்த்து, பக்க எல்லையாக `2-26` கொடுத்து, இரட்டைப்படை மட்டும், தலைகீழ் வரிசை என்று அனுப்புங்கள். முதலில் 26 வரும், பொருந்தும். கடைசியாக 27ஐ ஒரு புதுத் தாளில் தனியாக அடித்து, அரைச் சுற்று சுற்றி வைத்து, 28ஐ அதன் முதுகில் அடித்து, கட்டில் அதன் இடத்தில் செருகுங்கள். 9, 13, 1 சேர்ந்து 23. தனியே வைத்த 47ஐ அடியில் வைத்தால் 24.

பெரிய புத்தகமாக இருந்தால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் அடிக்காமல் நாற்பது நாற்பது பக்கமாக, `1-40`, `41-80` என்று பிரியுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒற்றைப்படையில் தொடங்கி இரட்டைப்படையில் முடிய வேண்டும். நடுவில் பிசகினாலும் இருபது தாளோடு போய்விடும். கடையில் ஒரு பையனை வேலைக்கு வைத்தால் முதலில் சொல்வது இதைத்தான்: "தம்பி, எத்தனை பக்கம்னாலும் நாப்பதுக்கு மேல ஒண்ணா அனுப்பாத."

கோளாறு: நடுவில் இரண்டு ஒற்றைப்படை ஒட்டி வருகிறது

வேர்டில் அட்டை, முன்னுரை, பாடம் என்று பிரித்துப் பக்க எண்ணை மறுபடி 1இலிருந்து தொடங்கியிருக்கும் ஃபைல்களில் இது வரும். முன்னுரை 3ஆம் எண்ணோடு முடிந்து பாடம் 1ஆம் எண்ணோடு தொடங்கினால், தாளில் அச்சாகும் எண்ணை வைத்து ஒற்றை, இரட்டை பார்ப்பது குழப்பத்தில்தான் முடியும். முதலில் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். ரீடர் காட்டும் பக்கக் கணக்கை, அதாவது ஃபைலில் எத்தனையாவது பக்கம் என்பதை மட்டும் நம்புங்கள். மேல் தாளைப் பார்த்து ஒன்றைக் கூட்டும்போதும் இந்தக் கணக்கைத்தான் கொள்ள வேண்டும்.

கோளாறு: இரண்டாம் சுற்றில் முன்பக்கம் கறைபடுகிறது

இங்க் பிரிண்டராக இருந்தால் மை காயவில்லை. படமும் கறுப்புக் கட்டங்களும் நிறைந்த பக்கங்களைக் காற்றாட விட்டுப் பிறகு போடுங்கள். லேசராக இருந்தால் எழுத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பொடி கையோடு வந்தால் டோனர் சரியாக உருகிப் பிடிக்கவில்லை, இரண்டாம் சுற்றில் அது உருளையில் ஒட்டி அடுத்த தாள்களிலும் நிழலாக விழும். டிரைவரில் தாள் வகை என்னவென்று பாருங்கள். தடித்த தாளைப் போட்டுவிட்டு அமைப்பில் மெல்லிய தாள் என்று விட்டிருந்தால் சூடு போதாது. சாதாரணத் தாளிலேயே பொடி உதிர்ந்தால் சூடேற்றும் பகுதி பழுது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இங்க் பிரிண்டரில் முன்பக்கம் அடித்ததை லேசரில் பின்பக்கம் போடுவது வேண்டாம், அந்தச் சூட்டில் மை என்ன செய்யும் என்பது மைக்கு மை மாறும்.

முன்பக்க எழுத்து பின்னால் தெரிகிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். அது பிரிண்டரின் தப்பு இல்லை. 70 ஜிஎஸ்எம் தாளில் இரு பக்கமும் அடித்தால் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். 80 ஜிஎஸ்எம் வாங்குங்கள், அல்லது டோனர் அடர்த்தியை ஒரு படி குறையுங்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஓரம் ஒத்துப்போகாமல் ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால், இரண்டு சுற்றிலும் ஒரே தாள் அளவும் ஒரே அளவு மாற்றமும் கொடுத்தீர்களா என்று பாருங்கள். ஒரு சுற்றில் `Fit`, இன்னொன்றில் `Actual size` என்று மாறிக் கிடப்பது சகஜம். இரண்டிலும் ஏ4தான், டிரேயின் பக்கத் தடுப்புகளும் தாளை ஒட்டி நிற்கின்றன என்றால், பிறகும் இருக்கும் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இந்த மெஷின்களில் இருக்கத்தான் செய்யும். ஸ்பைரல் போடும் பக்கம் மட்டும் ஓரத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டுவிடுங்கள், துளை எழுத்தில் விழாது.